ஆம்பிளைப் பக்கம் பச்சை, பொம்பளைப் பக்கம் சிவப்பு

எச்சில் தட்டு எடுக்க ஆள் கிடைக்காததால்தான் நாங்கள் ரோபோ செய்யக் கிளம்பினோம் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. ஏதோ வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துத் தோன்றியது என்று நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மேற்குத் தாம்பரத்தில் கல்யாணச் சமையல் தொழில். பிரியாணி போட ஆள் கிடைக்கும், பரிமாறவும் கிடைக்கும். சாப்பிட்டு முடித்த தட்டை அள்ளிக்கொண்டு போய்க் கழுவுமிடத்தில் போட மட்டும் ஒருத்தரும் வரமாட்டார்கள். வந்தவர்களும் முதல் பந்தி முடிந்ததும் காணாமல் போவார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் அத்தா இதற்காகத் தலையில் அடித்துக்கொள்வார்.

பாத்திரக் கிடங்குக்கு மேலே இருந்த அறையில் நானும் என் சிநேகிதியும் பட்டறை போட்டோம். காலேஜில் ஒரே பெஞ்ச். நான் சிறுசேரியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவள் கோவளத்துக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். மோட்டார், கியர், சக்கரம் எல்லாம் அவள் பாடு. போர்டு, புரோகிராம், நெட்வொர்க் எல்லாம் என் பாடு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அவளுக்கு வாய்க்கு மேல் வாய். கீழே அண்டாவும் தேக்சாவும் உருளுகிற சத்தத்தைவிட மேலே எங்கள் சண்டைச் சத்தம்தான் பெரிது என்று கிடங்கில் வேலை செய்கிற அண்ணன்மார் சொல்வார்கள்.

வண்டி பார்க்க அப்படி ஒன்றும் அழகில்லை. நான்கு சக்கரம், நடுவில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, முன்னால் கண் மாதிரி ஒரு சென்சார். சாப்பிட்டு எழுகிறவர்கள் தட்டைத் தொட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்கும் கழுவுமிடத்துக்கும் போய்ப்போய் வரும். எதிரே ஆள் நின்றால் நின்றுவிடும். வழியில் குறுக்கே ஒட்டிய சின்னத் துண்டு டேப்புகளை எண்ணிக்கொண்டே போகும். அதனால், தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அதற்கே தெரியும்.

முடிச்சூரில் ஒரு கல்யாண மண்டபம். அதை நடத்துகிற அக்கா அத்தாவுக்குப் பல வருடப் பழக்கம். வண்டியைக் காட்டினோம். அவர் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பாட்டுக்கு எங்கயாவது போய் நின்னுச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்? இதப் பாத்துக்க ஒரு ஆள் போடணும்னா அந்த ஆளையே தட்டு எடுக்கச் சொல்லிடுவேனே” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் கேட்டதில் தப்பே இல்லை.

“நான் ஆபீஸ் ரூமை விட்டு எழுந்திருக்க முடியாது. பூக்காரர், கரண்டு, பார்க்கிங், எல்லாப் பஞ்சாயத்தும் அங்கதான் வரும். அங்க உக்காந்த இடத்துல வண்டி எங்க இருக்கு, சார்ஜ் எவ்வளவு இருக்கு, நிக்குதா ஓடுதான்னு டிவில தெரியணும். தெரிஞ்சா ரெண்டு வண்டி எடுத்துக்குறேன். தெரியலன்னா மன்னிச்சுக்கோங்கம்மா.”

இந்த இரண்டு வண்டியில்தான் எங்கள் கதை தொங்கியது. சரியாகச் சொன்னால் என் சிநேகிதியின் கதை. அவளுக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கஸ்டமர் சப்போர்ட். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற வேலை. அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் அவள் அம்மா, “பொம்ம வண்டி எத்தினி நாளிக்கு சோறு போடும்? அந்த மண்டபம் எட்த்துக்கினா சரி. இல்லாங்காட்டி திங்கக்கெழம போய் சேந்துடு” என்று கறாராகச் சொல்லிவிட்டார். மண்டபத்தில் வண்டி ஓடவேண்டியது ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஜமாத்தைச் சேர்ந்த ஒரு வீட்டுக் கல்யாணத்தில். மறுநாள் திங்கள். அவள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்? மோட்டார் பக்கம் எனக்கு ஒரு ஸ்க்ரூகூட நேராக முடுக்க வராது. அதைவிட, அவள் இல்லாத அந்த அறையில் நான் ஒரு வாரம்கூட உட்கார மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் டிவித் திரைக்கு உயிரைக் கொடுத்து வேலை செய்தோம். வண்டிக்குள் இருந்த வைஃபை போர்டுதான் மூளை. பேட்டரியின் வோல்டேஜை இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்து அதற்குக் கொடுத்தோம். பேட்டரி எவ்வளவு, எந்தத் துண்டு டேப்பைத் தாண்டியது, எதிரே தடை உண்டா என்று போர்டு விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அனுப்புவது எம்க்யூடிடி என்கிற முறையில். அதாவது வண்டி நேராகத் திரைக்குச் சொல்லாது. நடுவில் புரோக்கர் என்று ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கும். வண்டி தன் செய்தியை ஒரு தலைப்புப் போட்டுப் புரோக்கரிடம் கொடுக்கும். அந்தத் தலைப்பு வேண்டும் என்று சொல்லி வைத்தவர்களுக்கெல்லாம் புரோக்கர் அதைக் கொடுத்துவிடும். எங்கள் புரோக்கர் என் லேப்டாப்பில் இருந்தது. திரையும் அதிலிருந்துதான்.

அத்தாவுக்கு இதை விளக்கியபோது, “கல்யாணத்துக்குப் புரோக்கர் பாத்திருக்கேன், எச்சித் தட்டுக்குப் புரோக்கர் இப்பத்தாம்மா பாக்குறேன்” என்று சிரித்தார்.

இன்னொரு ஏற்பாடும் அதில் உண்டு. போர்டு புரோக்கரிடம் முதலில் சேரும்போதே ஓர் உயில் எழுதிக் கொடுத்துவிடும். ‘நான் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டால் இந்தச் செய்தியை எல்லாருக்கும் சொல்லிவிடு’ என்று. எங்கள் உயில் ஒரே ஒரு வார்த்தை, ‘இல்லை’. அது வந்தால் திரையில் அந்த வண்டியின் விளக்கு சிவப்பாகும். வண்டி திரும்ப வந்து ‘இருக்கிறேன்’ என்றால் பச்சை. மண்டபத்து அக்காவுக்கு இந்தச் சிவப்பும் பச்சையும்தான் ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் வண்டிக்குப் புரோகிராம் எழுதியது நான். இரண்டாவது வண்டிக்கு அதை நகல் எடுத்துத் தலைப்பில் ‘ஜென்ட்ஸ்’ என்று இருந்த இடத்தில் ‘லேடீஸ்’ என்று மாற்றி ஏற்றியது அவள். எங்கள் கல்யாணங்களில் ஆம்பிளைகளுக்கு ஒரு ஹாலிலும் பொம்பளைகளுக்கு ஒரு ஹாலிலும் பந்தி நடக்கும். அதனால்தான் இரண்டு வண்டி. பட்டறையில் இரண்டையும் சோதித்தோம். அறை சின்னது, டேப் ஒட்ட ஒரே தடம்தான் இருந்தது. ஒரு வண்டி ஓடும்போது மற்றதை அணைத்துச் சார்ஜில் போட்டுவிடுவோம். இதுவும் பச்சை, அதுவும் பச்சை. ‘ஜோரா கீதுடி’ என்று அவள் கைதட்டினாள்.

ஞாயிறு மதியம் நிக்காஹ் முடிந்து துஆ ஓதி, முதல் பந்தி உட்கார்ந்தது. ஆபீஸ் ரூமில் டிவிக்கு முன்னால் அக்காவும் நானும். ஆம்பிளை ஹாலில் அத்தா. பொம்பளை ஹாலில் என் சிநேகிதி, கல்யாணத்துக்கென்று புதுசாகத் தைத்த சுடிதாரில், இடுப்பில் ஸ்க்ரூடிரைவரோடு. போனில் சொன்னேன், “ரெண்டு பேரும் ஸ்விட்ச் போடுங்க.”

ஆம்பிளைப் பக்கம் பச்சை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். பொம்பளைப் பக்கமும் பச்சை. அந்த மூச்சு முடியுமுன்பே ஆம்பிளைப் பக்கம் சிவப்பு.

கொஞ்ச நேரத்தில் ஆம்பிளைப் பக்கம் பச்சை, பொம்பளைப் பக்கம் சிவப்பு. அடுத்து இது பச்சை, அது சிவப்பு. சீரியல் பல்பு மாதிரி மாறிமாறி எரிந்தது. அக்கா என்னைப் பார்த்தார்.

அத்தாவுக்குப் போன் போட்டேன். “அத்தா, வண்டி நின்னுடுச்சா?”

“இல்லியேம்மா, மாப்பிள்ள மாதிரி போகுது. எல்லாரும் போன்ல படம் புடிக்கிறாங்க.”

சிநேகிதிக்குப் போட்டேன். “உன் வண்டி என்னடி பண்ணுது?”

“ஓடிக்கினு கீது. தொட்டி ரொம்பிச்சு. இன்னாடி மேட்டரு?”

வண்டி இரண்டும் நன்றாகத்தான் ஓடுகின்றன. நல்லவேளையாக மோட்டார் ஓட்டுகிற வேலையை நெட்வொர்க்கோடு முடிச்சுப் போடாமல் தனியாக வைத்திருந்தோம். லைன் போனாலும் வண்டி நிற்காது. ஆனால் அக்கா வாங்குவதாகச் சொன்னது வண்டியை இல்லை, இந்தத் திரையை. அந்தத் திரையோ ஓடுகிற வண்டியை ‘இல்லை’ என்கிறது.

“ஓடுதுன்னு நீங்க சொல்றீங்க, இல்லன்னு அது சொல்லுது. நான் யார நம்புறது?” என்று கேட்டார் அக்கா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். நானும் முதலில் மண்டபத்து வைஃபையைத்தான் திட்டினேன். அப்புறம் சிநேகிதியைத் திட்டினேன். “நீ ஒயரை ஒழுங்கா சாலிடர் பண்ணியிருக்க மாட்ட. ஆடுறப்ப போர்டுக்குக் கரண்ட் போகல.”

“இன்னா பேச்சு பேசுற நீ? ஒயர் போச்சுன்னா வண்டி எப்டி ஓடும்? உன் புரோகிராமப் பாருடி, பேஜார் பண்ணாத” என்று அவளும் கத்தினாள். பின்னால் யாரோ ஒரு பெண் சிரிப்பது போனில் கேட்டது.

அப்போதுதான் ஒன்று மண்டையில் உறைத்தது. சிவப்பு ரொம்பச் சீக்கிரம் வருகிறது. வைஃபை அறுந்து ஒரு வண்டி காணாமல் போனால் புரோக்கருக்கு அது உடனே தெரியாது. ‘இருக்கியா’ என்று கேட்க வைத்திருக்கிற தவணையில் ஒன்றரை மடங்கு காத்துப் பார்த்துவிட்டுத்தான் உயிலைப் படிக்கும். இங்கேயோ ஒன்று பச்சையான அதே நொடியில் மற்றது சிவப்பாகிறது. அப்படியானால் வண்டி தொலையவில்லை, புரோக்கரே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. ஏன் தள்ள வேண்டும்?

விடை அத்தா வழியாக வந்தது. அவரே போன் பண்ணினார். “எம்மா, பிரியாணி தேக்சா உள்ள வருது, வண்டி குறுக்க நிக்குது. சித்த நேரம் ஸ்விட்ச் ஆஃப் பண்ணி ஓரங்கட்டிட்டேன். ஒண்ணும் ஆகாதுல்ல?”

திரையைப் பார்த்தேன். ஆம்பிளைப் பக்கம் சிவப்பு. பொம்பளைப் பக்கம் பச்சை. அந்தப் பச்சை மாறவே இல்லை. பேட்டரி எண் வருகிறது, இடம் நகருகிறது, கழுவுமிடத்துக்குப் போய்த் திரும்புகிறது. குத்துக்கல் மாதிரி அசையாமல் பச்சை.

“அத்தா, ஆன் பண்ணாதீங்க!” என்று நான் போட்ட கத்தலில் அக்கா கையிலிருந்த காபியைச் சிந்திவிட்டார்.

ஒரே பெயர்! புரோக்கரிடம் சேருகிற ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பெயர் சொல்ல வேண்டும். அதே பெயரில் இன்னொருவர் வந்தால், பழைய ஆளே திரும்ப வந்திருக்கிறார் என்று நினைத்துப் புரோக்கர் முதலில் இருந்தவரை வெளியே அனுப்பிவிடும். அனுப்பியதும் அவருடைய உயிலை ஊருக்குப் படித்துவிடும். வெளியே போனவர் சும்மா இருப்பாரா? அவருக்கும் திரும்பச் சேரத்தான் நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கொஞ்சம் பொறுத்து வந்து இவரைத் தள்ளுவார். தலைப்பில் ஜென்ட்ஸை லேடீஸாக மாற்றியவள், மேலே இருந்த பெயரைத் தொடவில்லை. புரோகிராமை எழுதிய நானும் அதை மாற்றச் சொல்லவில்லை. ஒரு உறையில் இரண்டு கத்தி. பட்டறையில் இரண்டையும் ஒன்றாக ஓட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அக்காவிடம் சொன்னேன். “பந்தில ஒரு பேருக்கு ஒரு சீட்டுதாங்க்கா போட்டிருக்கு. ரெண்டு பேர் அதே பேரச் சொல்லிட்டு வந்தா வாசல்ல நிக்கிறவர் பின்னால வந்தவர உக்கார வச்சுட்டு முன்னாடி உக்காந்தவர எழுப்பிடுறார். எழுந்தவர் சும்மா போவாரா?”

“போகமாட்டார், சண்டை போடுவார். என் மண்டபத்துல தினம் நடக்குதே” என்றார் அக்கா. “சரி, பேர மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

“அடுத்த பந்தி உக்கார்றதுக்குள்ள.”

சொல்லிவிட்டு லேப்டாப்பை முன்னால் இழுத்து வைத்தேன். முதல் பந்தி எழுந்து மேசை துடைத்து விரிப்பு மாற்றுகிற இடைவெளிதான் எனக்குக் கிடைத்தது. பொம்பளைப் பக்கத்து வண்டியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டில் ஒன்று பெயர் மாறினால் போதும். அத்தாவும் இன்னொரு அண்ணனும் ஆம்பிளைப் பக்கத்து வண்டியைப் பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் வந்தார்கள். தொட்டியில் பாதி எலும்பும் எலுமிச்சைத் தோலும். அறை முழுக்கப் பிரியாணி வாசனை. என் சிநேகிதியும் மூச்சிரைக்க ஓடிவந்து, ஸ்க்ரூ நான்கையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் கழற்றி மூடியைத் திறந்தாள். நான் கேபிளைச் செருகினேன்.

பெயர் எழுதியிருந்த வரியை அழித்தேன். ஒவ்வொரு போர்டுக்கும் தொழிற்சாலையிலேயே கொடுக்கிற வைஃபை முகவரி ஒன்று உண்டு, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதையே பெயரோடு சேர்த்துக்கொள்ளும்படி எழுதினேன். இனிமேல் யார் எத்தனை நகல் எடுத்தாலும் பெயர் மோதாது. ஏற்றச் சொன்னேன். ஏறவில்லை. போர்டு கண்ணைத் திறக்க மாட்டேன் என்றது.

“அந்த குட்டி பட்டன அமுக்கிக்கினே ஏத்துடி” என்று அவளே ஸ்க்ரூடிரைவர் முனையால் அமுக்கிப் பிடித்தாள். ஏறியது.

“நீதான் நகல் எடுத்த” என்றேன், அந்த நிலையிலும் விடாமல்.

“நீதான் எழ்தின” என்றாள்.

“ரெண்டு பேரும் சேந்து ஒரு பேரு வச்சீங்க. வண்டியத் தூக்குங்கப்பா, பந்தி உக்காந்தாச்சு” என்றார் அத்தா.

இரண்டாம் பந்தி ஆரம்பித்தது. ஆம்பிளைப் பக்கம் பச்சை. பொம்பளைப் பக்கம் பச்சை. நான் நொடிகளை எண்ண ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டு, மறுபடி எண்ணினேன். இரண்டும் பச்சை. பேட்டரி இரண்டும் மெல்ல இறங்கின, இடம் இரண்டும் நகர்ந்தன. என் வயிற்றில் யாரோ பாலை வார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பொம்பளைப் பக்கத்தில் மஞ்சள் விழுந்தது. ‘தடை’. இடம் அப்படியே நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை எடுத்து என் சிநேகிதியின் எண்ணை அழுத்திவிட்டார்.

“லேடீஸ் வண்டி கழுவுற எடத்து வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்குதும்மா. என்னன்னு பாரு.”

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். போன் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. “ஆமாங்க்கா, அங்கியே தான் கீது. ஒரு அம்மா கொயந்தையத் தூக்கிக்கினு டேப்பு மேல நின்னு கத பேசிக்கினு கீறாங்க. எம்மா, கொஞ்சம் நவுருங்க.”

திரையில் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. அக்கா சேரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “எழுந்திரிக்காமலே வழி விட வச்சுட்டேன் பாத்தியா?” என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பூக்காரரோடு பேசிக்கொண்டே நடுநடுவே திரையை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

கடைசிப் பந்தியில் எங்களையும் உட்கார வைத்தார்கள். எனக்குப் பசி போன இடம் தெரியவில்லை, அவளோ என் தட்டிலிருந்த துண்டுக் கறியையும் சேர்த்து அடித்தாள். நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார்.

“ரெண்டையும் இங்கயே விட்டுட்டுப் போங்க. நாளைக்கு ஒரு ரிசப்ஷன் இருக்கு. ஆனா முதல் நாள் நான் தனியா ஓட்டமாட்டேன். டேப் வேற மாத்தி ஒட்டணும். காலைல உங்க ரெண்டு பேர்ல யாராவது வரணும். யார் வர்றீங்க?”

நாளை திங்கட்கிழமை. அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மண்டபம் எடுத்துக்கொண்டால் சரி என்று அவள் அம்மா சொன்னது நிஜம்தான். ஆனால் நாவலூரில் மாதாமாதம் நிச்சயமாக வருகிற சம்பளம், எங்களிடம் இரண்டே இரண்டு எச்சில் வண்டி. அங்கே போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? குழாயைத் திருகிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் கையைப் புதுச் சுடிதாரிலேயே துடைத்துக்கொண்டாள்.

“நான் வர்றேன்க்கா” என்றாள். “காலைல எட்டுக்கா, ஒம்போதுக்கா?”